மூன்று படம், மூன்று விலை: கானாடுகாத்தான் வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் வாங்கிய கணக்கு

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்த்து, முன்கட்டில் விருந்தினர் தங்கும் அறைகள் அமைக்கும் வேலை நடந்தது. அதில் கொள்முதல் கணக்கு என் பொறுப்பு. வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் பழைய தரை பெயர்ந்துபோயிருந்ததால் அங்கே புதிதாக ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் போடும் சிமென்ட் தரைக்கல், பதிக்க வேண்டும். அளந்து பார்த்ததில் 857 சதுர அடி வந்தது. வெட்டுச் சேதத்துக்கு 5 விழுக்காடு சேர்த்து 900 சதுர அடி என்று முடிவு செய்தோம். ஓரத்துப் பார்டர் கல்லுக்குத் தனியாக விலை கேட்பதாக ஏற்பாடு.

மேஸ்திரி மூன்று பட்டறைகளில் சொல்லிவைத்தார். மூன்று கொட்டேஷனும் படமாகத்தான் வந்தன. ஒன்று லெட்டர்ஹெட்டில் அச்சடித்த தாளைப் போனில் எடுத்த படம். இன்னொன்று பில் புத்தகத் தாளில் பேனாவால் எழுதியது. மூன்றாவது யாரோ யாருக்கோ அனுப்பிய படத்தின் ஸ்கிரீன்ஷாட்.

வீட்டு ஆச்சி போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒண்ணுல 62, ஒண்ணுல 52, ஒண்ணுல 76. பேனாவுல எழுதுனவர்தானே கம்மி? அவர்ட்டயே சொல்லிரலாமே."

கடைசியில் ஆச்சி சொன்னவரிடமே வாங்கினோம். ஆனால் ஆச்சி சொன்ன காரணத்துக்காக அல்ல. அந்த 52 ரூபாய் குறைந்த விலையே இல்லை. அது தெரியவர இரண்டு நாள் ஆனது.

எந்தத் தாளிலும் முதலில் பார்க்க வேண்டியது ரேட்டை அல்ல, அந்த ரேட் எதற்கு என்பதை. முதல் பட்டறையின் 62 ரூபாயும் மூன்றாம் பட்டறையின் 76 ரூபாயும் ஒரு சதுர அடிக்கு. இரண்டாம் பட்டறை போட்டிருந்த 52 ரூபாய் ஒரு கல்லுக்கு. 10 அங்குலத்துக்கு 10 அங்குலக் கல் ஒன்றின் பரப்பு 100 சதுர அங்குலம். ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலம். ஆக, ஒரு சதுர அடிக்கு 1.44 கல் வேண்டும். 52 ரூபாயை 1.44 ஆல் பெருக்கினால் சதுர அடி 74 ரூபாய் 88 காசு.

இதைச் சொல்லும் முன்னால் அந்தப் படத்தை நான் சரியாகத்தான் படித்தேனா என்ற கேள்வி இருந்தது. கையெழுத்தில் 2 கீழ்ப்பக்கம் சுருளாமல் இழுத்துவிட்டிருந்தது. 52 என்றும் படிக்கலாம், 57 என்றும் படிக்கலாம். கல்லின் அளவு எழுதிய இடத்தில் மடிப்பு விழுந்திருந்ததால் அது 10-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. மொத்தத் தொகையில் கடைசி மூன்று எண்கள் '600' தெளிவாக இருந்தன. முன்னால் இருந்த இரண்டும் மங்கல்.

இந்த மாதிரி நேரத்தில் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைவிடப் பெருக்கிப் பார்ப்பது நல்லது. தாளில் எண்ணிக்கை 1,300 என்று தெளிவாக இருந்தது. 1,300 × 52 = 67,600. 1,300 × 57 = 74,100. மொத்தம் 600 என்று முடிவதால் ரேட் 52 தான். கல்லின் அளவுக்கும் அதே வழி. 900 சதுர அடிக்கு 10 அங்குலக் கல் 1,296 வேண்டும், அவர் 1,300 என்று முழுதாக்கியிருக்கிறார். அதுவே 8 அங்குலக் கல்லாக இருந்தால் சதுர அடிக்கு 2.25 கல் என்று 2,025 கல் ஆகியிருக்கும். ஒரு கொட்டேஷனில் எண்ணிக்கை, ரேட், தொகை என்று மூன்று எண் இருக்கிறது. அதில் இரண்டு தெளிவாக இருந்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒன்றுதான் தெளிவு என்றால் ஊகிக்கவே கூடாது, வேறு படம் கேட்க வேண்டும்.

அப்படி உறுதியான பின்னும் அவருக்குப் போன் செய்து, "அண்ணே, பத்துக்குப் பத்து, கல்லு 52 ரூபாய், சரிதானே?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். அதையே மெசேஜாகவும் அனுப்பி, அவர் 'சரி' என்று பதில் போட்ட பிறகுதான் என் தாளில் எழுதினேன்.

அடுத்தது வரி. இந்தக் கொள்முதலில் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது இதுதான்.

முதல் தாளில் "ஜி.எஸ்.டி. 18% தனி" என்று இருந்தது. மூன்றாம் தாளில் "வரி உட்பட" என்று இருந்தது, விகிதம் அதே 18. இரண்டாம் தாளில் வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொல்லவில்லை என்பதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம்: வரி உள்ளடங்கியிருக்கலாம், பில் போடும்போது மேலே ஏறலாம், அல்லது அவர் வரி வசூலிக்காதவராக இருக்கலாம்.

தாளின் தலைப்பில் ஜி.எஸ்.டி. எண் இருந்தது. அதுவும் அரைகுறையாகத்தான் தெரிந்தது. ஓர் இடத்தில் ஆங்கில எழுத்து ஓ-வா பூஜ்யமா என்று புரியவில்லை. இந்த எண்ணின் அமைப்புத் தெரிந்தால் அதைத் தீர்த்துவிடலாம். மொத்தம் 15 இடம். முதல் இரண்டும் மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. ஆகவே 3 முதல் 7 வரையும் 12-ஆவது இடமும் எழுத்து, 8 முதல் 11 வரை இலக்கம். எனக்குச் சந்தேகமாக இருந்தது 9-ஆவது இடம், அதனால் அது பூஜ்யம்.

எண்ணை gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் போட்டதும் பட்டறையின் பெயர் சரியாக வந்தது. வரிசெலுத்துபவர் வகை என்ற இடத்தில் Composition என்று இருந்தது. அதாவது காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர்கள் இதில் சேரலாம். விற்பனையில் ஒரு விழுக்காட்டைத் தங்கள் கையிலிருந்து கட்டிவிடுவார்கள். வாங்குபவரிடம் தனியாக வரி வசூலிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. வரி பில்லுக்குப் பதிலாக 'பில் ஆஃப் சப்ளை' கொடுப்பார்கள். ஆக, 67,600 என்பதே முழுத் தொகை, மேலே எதுவும் ஏறாது. பின்னால் அவர் 18 விழுக்காடு சேர்த்து பில் போட்டால் அதைக் கட்ட வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிட்டது.

மூன்றாம் தாளில் வேறொரு வேலை இருந்தது. 900 சதுர அடிக்கு 76 ரூபாய் என்றால் 68,400. இது வரி உட்பட்டது என்பதால் உள்ளே எவ்வளவு வரி என்று பிரிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்துப் பையன் 68,400-க்கு 18 விழுக்காடு போட்டு 12,312 என்று எழுதிவைத்திருந்தான். இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள். 18 விழுக்காடு என்பது அடிப்படை விலையின் மீது ஏறியது, மொத்தத்தின் மீது அல்ல. பிரிக்கும் முறை இது:

```
=68400*18/118
```

விடை 10,434 ரூபாய், அடிப்படை விலை 57,966. பையன் போட்ட கணக்குக்கும் இதற்கும் 1,878 ரூபாய் வித்தியாசம். மூன்றாம் பட்டறைக்கும் இரண்டாம் பட்டறைக்கும் இடையே மொத்தத்தில் உள்ள வித்தியாசமே 800 ரூபாய்தான்.

இப்போது முதல் பட்டறை. 900 × 62 = 55,800. வரி 10,044. கூட்டினால் 65,844. இதுவரை பார்த்தால் மூன்றிலும் இதுதான் குறைவு. ஆனால் தாளின் கீழே "டெலிவரி: பட்டறை வாசலில்" என்று இருந்தது. வண்டி எங்களுடையது, ஏத்துக்கூலி எங்களுடையது. மினி லாரிக்கு 3,500, ஏற்றுவதற்கு 1,000 என்று பேசினார்கள். சேர்த்தால் 70,344. அவரே அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டோம். முடியும், அதே 4,500 என்றார். ஆனால் பொருளோடு சேர்த்து ஒரே பில்லில் வண்டி வாடகையைப் போட்டால் அதற்கும் பொருளுக்குரிய 18 விழுக்காடு ஏறும். 4,500 என்பது 5,310 ஆகும். அதனால் கணக்கில் நாங்களே வண்டி பிடிப்பதாக வைத்துக்கொண்டோம்.

மற்ற இரண்டு பட்டறைகளும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். இறக்குகிற கூலி மூவருக்கும் நம் பொறுப்பே, அதனால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இங்கேதான் ஆடிட்டருக்குப் போன் செய்தேன். கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் கல்லுக்குக் கட்டுற வரியை நாம திரும்ப எடுத்துக்க முடியுமா?" தங்கும் விடுதியாகப் பதிவு செய்து வரி கட்டுகிறோமே, உள்ளீட்டு வரி கிடைக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முடியாது என்றார் ஆடிட்டர். இரண்டு காரணம் சொன்னார். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவில், சொந்தக் கட்டடத்தைக் கட்டவோ புதுப்பிக்கவோ வாங்கும் பொருளுக்கு, அந்தச் செலவைச் சொத்துக் கணக்கில் ஏற்றும் அளவுக்கு, உள்ளீட்டு வரி கிடையாது. தரை முழுவதையும் மாற்றுவதால் இது சொத்தில்தான் ஏறும். சின்னப் பழுதாக இருந்து செலவுக் கணக்கில் எழுதினால் இந்தத் தடை வராது. ஆனால் அப்போதும் இரண்டாவது தடை நிற்கும். நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறை வாடகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 விழுக்காடு, அந்த விகிதத்தில் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. எங்கள் அறைகள் எல்லாமே அந்த வரம்புக்குள்தான்.

இந்த ஒரு பதில் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த அட்டவணையில் பார்க்கலாம். ரூபாய்க் கணக்கு, 900 சதுர அடிக்கு.

| பட்டறை | தாளில் கண்ட ரேட் | வரியைத் திரும்ப எடுக்க முடிந்தால் | எடுக்க முடியாவிட்டால் |
|---|---|---|---|
| முதல் | 62 (ச.அடி) | 60,300 | 70,344 |
| இரண்டாம் | 52 (கல்) | 67,600 | 67,600 |
| மூன்றாம் | 76 (ச.அடி) | 57,966 | 68,400 |

வரியைத் திரும்ப எடுக்கிறவருக்கு மூன்றாம் பட்டறைதான் மலிவு, இரண்டாம் பட்டறை மற்ற இரண்டையும்விட வெகுதூரம் அதிகம். எடுக்க முடியாத எங்களுக்கு அதே இரண்டாம் பட்டறைதான் மலிவு. மூன்று தாள்களிலும் ஓர் எண்கூட மாறவில்லை. வாங்குகிறவர் யார் என்பது மாறினால் வரிசை தலைகீழாகிறது. காரைக்குடிப் பக்கம் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் நான் பார்க்கிற ஒப்பீட்டுத் தாள்களில் பெரும்பாலும் "வரி நீங்கலாக" என்று ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது. அப்படிப் போட்டிருந்தால் நான் ஆச்சியிடம் மூன்றாம் பட்டறையைத்தான் சொல்லியிருப்பேன், 800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்போம். 800 பெரிய தொகையில்லைதான். ஆனால் அந்தத் தாளில் வேறொன்றும் ஒளிந்திருந்தது.

மூன்றாம் படம் ஸ்கிரீன்ஷாட் என்று சொன்னேன். அதன் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. கடைசியாகத் தெரிந்த வரி "முன்பணம் 50%". அதற்குக் கீழே ஒரு வரியின் மேல்முனைகள் மட்டும் தெரிந்தன, எழுத்துகளின் தலைகள் மட்டும். கொட்டேஷன் செல்லுபடியாகும் காலம், விலை மாற்றம், உடைவுப் பொறுப்பு எல்லாம் வழக்கமாக அந்த இடத்தில்தான் இருக்கும். கையெழுத்தும் முத்திரையும் இருக்கும் இடமும் அதுதான்.

மேஸ்திரியிடம் சொல்லி, அசல் தாளை வெளிச்சத்தில் மேசை மேல் வைத்து, நான்கு மூலையும் தெரிய எடுத்து, வாட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், சின்ன எழுத்துகள் கரைந்துபோகும். மறுநாள் முழுத் தாளும் வந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன. "இவ்விலை 10 நாட்களுக்கு." அதற்கடுத்து: "சரக்கு அனுப்பும் நாளில் உள்ள விலையே இறுதி."

இந்த இரண்டாவது வரி முதல் வரியை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. பத்து நாளுக்குள் ஆர்டர் கொடுத்துப் பாதிப் பணம் கட்டினாலும், கல் தயாராகி வண்டி ஏறும் நாளில் அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் விலை. ஆத்தங்குடிக் கல் கடையில் அடுக்கி வைத்து எடுத்துக்கொடுக்கிற சரக்கில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டம் வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே உலர்ந்த மணல்-சிமென்ட் தூவி, அதன்மேல் ஈரக்கலவை வைத்து அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் போட்டு இறுகவிட்டு, காயவைத்துத் தருகிறார்கள். 1,300 கல் ஒவ்வொன்றாகக் கையால் போட்டாக வேண்டும். ஆர்டருக்கும் வண்டிக்கும் நடுவில் மூன்று நான்கு வாரம் ஓடும். அந்த இடைவெளியில் சதுர அடிக்கு நான்கு ரூபாய் ஏற்றினால் 3,600 ரூபாய், மொத்தம் 72,000. முதல் பட்டறையையும் தாண்டிவிடும். பாதிப் பணம் அவரிடம் மாட்டிக்கொண்டிருக்கும்போது பேரம் பேசவும் முடியாது.

அவரிடமே கேட்டேன். "ஆர்டர் தேதி விலைன்னு எழுதித் தர முடியுமாண்ணே?" சிமென்ட் விலை நிலையாக இல்லை, எழுதித் தர முடியாது என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் விலை நிலைக்காத தாளை விலை நிலைக்கும் தாளோடு ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட முடியாது.

முதல் பட்டறையின் காலவரம்பில் வேறு சிக்கல். தாளில் "15 நாட்கள்" என்று இருந்தது. அந்தப் படம் எனக்கு வந்தது ஆகஸ்ட் 12. மனதுக்குள் 27 வரை இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டேன். பிறகு தாளின் மேல் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் தேதி 03/08. கொட்டேஷனின் வயது தாளின் தேதியிலிருந்து ஓடுகிறது, நம் போனுக்கு வந்த நாளிலிருந்து அல்ல. மேஸ்திரி அதைப் பத்து நாள் போல வைத்திருந்துவிட்டு மற்றதோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார். 18-ஆம் தேதியோடு முடிகிறது. நான் முழுத் தாளும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது 14-ஆம் தேதி.

இரண்டாம் பட்டறையின் தாளில் 10-ஆம் தேதி, ஒரு மாதம் செல்லும் என்று எழுதியிருந்தார். விலை ஆர்டர் தேதிக்கா அனுப்பும் தேதிக்கா என்று எழுதவில்லை. டெலிவரி "35 நாளில்" என்று இருந்தது. மூவரில் இவர்தான் அதிக நாள் கேட்டார், முதல் பட்டறை 20 நாள் என்றது. எங்களுக்கு அவசரமில்லை. புரட்டாசிக் கடைசியில்தான் கொத்தனார் கல் பதிக்க வருகிறார், 35 நாள் போனாலும் புரட்டாசி முதல் வாரத்தில் கல் வந்துவிடும். நன்றாக இறுகிக் காய்ந்த கல்லாக வந்தால் முனை உதிராது என்று மேஸ்திரியும் சொன்னார். ஆக, அந்த 35 நாளை நாங்கள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே நேரத்தில் பத்து நாளில் பதிக்க வேண்டிய வேலையாக இருந்தால் இந்தப் பட்டறையைப் பட்டியலிலேயே சேர்த்திருக்க மாட்டேன்.

மீதமிருந்தது உடைவு. முதல் பட்டறையின் வாசலில் ஏற்றிய பிறகு உடைந்தால் அது நம் கணக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறவரிடம் அப்படியில்லை என்று நினைத்துக்கொள்வோம், ஆனால் தாளில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் பட்டறைக்காரரிடம் பேசினேன். "வண்டியில உடைஞ்சா மாத்திக் கொடுத்துருவேன் தம்பி, இறக்கும்போது உங்க ஆளு உடைச்சா அது என்னது இல்ல" என்றார். சரியான பேச்சு. இறக்கும் முன்பே வண்டியில் வைத்து எண்ணுவது என்று ஒத்துக்கொண்டோம்.

ஆச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் கேட்டது: "அப்ப நான் சொன்னவரே சரியா?" ஆமாம் ஆச்சி என்றேன். "பின்ன எதுக்கு ரெண்டு நாள்?" என்றார். அட்டவணையை அவர் முன்னால் வைத்து, நடுப்பத்தியையும் கடைசிப் பத்தியையும் விரலால் காட்டினேன். ஆச்சி கணக்கில் கெட்டிக்காரர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம பெரியவன் மதுரையில கடை மாடியைப் பிரிச்சுக் கட்டுறானே, அவனுக்கும் வரி திரும்ப வராதா?" என்று கேட்டார். சொத்துக் கணக்கில் ஏற்றினால் வராது என்றேன். அவனுக்கு உடனே போன் போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் பட்டறைக்கு ஆர்டர் கொடுத்தோம். முன்பணம் 20,000. ஆர்டரை ஒரே மெசேஜாக அனுப்பினேன்: கல் 10 × 10 அங்குலம், 1,300 எண்ணம், கல்லுக்கு 52 ரூபாய், மொத்தம் 67,600, இதற்கு மேல் வரி இல்லை, ஆர்டர் தேதி விலையே இறுதி, 35 நாளில் கானாடுகாத்தான் வீட்டு வாசலில், வழியில் உடைந்தது மாற்றித் தரப்படும். அதற்கு அவர் 'சம்மதம்' என்று எழுதிய பதிலையும், தாளின் தெளிவான படத்தையும், வரித் தளத்தில் வந்த பக்கத்தின் படத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தேன்.

செப்டம்பர் 22 காலையில் வண்டி வந்தது. கல்லுக்குக் கல் நடுவே வைக்கோல் வைத்து, செங்குத்தாக அடுக்கியிருந்தார்கள். வண்டியில் நின்றபடியே எண்ணினோம். 1,300-இல் 14 கல் உடைந்தோ முனை போயோ இருந்தது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அதே மெசேஜுக்குக் கீழே அனுப்பினேன். நான்காம் நாள் பட்டறைப் பையன் ஒருவன் டூ வீலரில், கோணிப்பையில் 14 கல்லைச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பில் ஆஃப் சப்ளையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். தொகை 67,600.